ரிப்போர்ட்டில் மருந்து கேட்கும் என்கிறார்கள், மூட்டில் கேட்கவில்லை: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கோபி மருமகள்

எங்கள் அத்தைக்கு வலது முழங்கால் மூட்டை மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. பண்ணாரி குண்டத்துக்குக்கூட கூட்டத்தில் நடந்தே போய் வந்தார். அடுத்த வைகாசியில் ராத்திரி வலி ஆரம்பித்தது. தொட்டால் கொஞ்சம் சூடு. எக்ஸ்ரேயில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்புறம் தழும்புக்குக் கீழே பரு மாதிரி ஒன்று வந்து, உடைந்து, தண்ணீராக ஒழுக ஆரம்பித்தது.

பக்கத்து டாக்டர் பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். காய்ந்துவிட்டது. இருபது நாளில் திரும்பவும் ஒழுகியது. இப்படி மூன்று தடவை. சீழ் எடுத்துக் கல்ச்சருக்குக் கொடுத்தோம். ரிப்போர்ட்டில் ஏழெட்டு மருந்துக்கு நேரே 'எஸ்' என்று போட்டிருந்தது. அதாவது, அந்தக் கிருமிக்கு அந்த மருந்துகள் கேட்கும். அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு கோவையில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனோம். அவர் ஒழுகும் துளையைப் பார்த்ததுமே, "உள்ளே வைத்ததை எடுத்துத்தான் ஆகணும்" என்றார்.

வீட்டில் பெரிய சண்டை. என் கொழுந்தனார் ரிப்போர்ட்டை ஆட்டிக்கொண்டே கேட்டது இதுதான்: "மருந்து கேட்கும்னு எழுதியிருக்குது, அப்புறம் எதுக்குங்க மூட்டைக் கழட்டணும்?" எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. இதே மாதிரி பட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

தோப்புக்காரர், ஆனைமலை

எனக்கு மூட்டைப் பற்றித் தெரியாதுங்க, சொட்டுநீர்க் குழாய் தெரியும். தோப்பில் லேட்டரல் குழாயை அறுத்துப் பார்த்தால் உள்பக்கம் வழவழவென்று ஒரு பாசி ஒட்டியிருக்கும். தண்ணீரை எவ்வளவு வேகமாக விட்டாலும் போகாது. குளோரின் கலந்து விட்டால் மேலாக இருப்பது கரையும், அடியில் இருப்பது ரெண்டு வாரத்தில் திரும்ப வளரும். உங்கள் அத்தை முட்டியில் இரும்பு மேலே அந்தப் பாசிதான் படிந்திருக்கிறது. பாசி சுவர் மாதிரி நிற்பதால் மருந்து உள்ளே போக முடிவதில்லை. அவ்வளவுதான் விசயம்.

லேப் பெஞ்ச், கோவை

தோப்புக்காரர் சொன்ன பாசி சரி. சுவர் என்பது பாதிதான் சரி. பல மருந்துகள் அந்தக் கொழகொழப்புக்குள் போய்ச் சேர்ந்துவிடுகின்றன, கொஞ்சம் தாமதமாகப் போகும், அவ்வளவே. போன பிறகும் கிருமி சாகாததுதான் சிக்கல்.

நான் கல்ச்சர் பெஞ்சில் பதினாறு வருடமாக இருக்கிறேன், அந்த 'எஸ்' எப்படி வருகிறது என்று சொல்கிறேன். சீழில் இருக்கும் கிருமியை ஊட்டமான தட்டில் போட்டு ராத்திரி முழுக்க வளர்ப்போம். அப்படி வளர்ந்ததைக் கரைத்து இன்னொரு தட்டில் பூசி, மருந்து தோய்த்த சின்ன வில்லைகளை வைப்போம். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் இருக்கும். வட்டம் போதுமான அளவு பெரிதாக இருந்தால் 'எஸ்'. நாங்கள் சோதிப்பது நன்றாகச் சாப்பிட்டு, வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் கிருமியை.

உலோகத்தில் ஒட்டியிருப்பதும் அதே கிருமிதான், ஆனால் வாழ்கிற விதம் வேறு. அடி அடுக்கில் இருப்பவற்றுக்குச் சாப்பாடும் காற்றும் குறைவு, அதனால் பெருகாமல் முடங்கிக் கிடக்கும். செபலோஸ்போரின், வான்கோமைசின் போன்றவை கிருமி தன் உடம்பைச் சுற்றிச் சுவரைக் கட்டும்போது அதைக் கெடுத்துக் கொல்பவை. கட்டட வேலையே நடக்காத இடத்தில் கெடுப்பதற்கு என்ன இருக்கிறது? ஒட்டிய கிருமியைக் கொல்ல, மிதக்கும் கிருமிக்குத் தேவையானதைப் போல நூறு, சில சமயம் ஆயிரம் மடங்கு மருந்து வேண்டியிருக்கும். அவ்வளவை உடம்புக்குள் ஏற்றினால் கிருமிக்கு முன்னால் சிறுநீரகம் போய்விடும்.

இன்னொன்று, இது மருந்தை எதிர்க்கப் பழகிய கிருமி அல்ல. அதே பாசியைச் சுரண்டி எடுத்துத் தட்டில் வளர்த்தால் பழையபடி அதே மாத்திரைக்குச் சாகும். அதனால் உங்கள் ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை.

மாத்திரை சாப்பிட்டதும் காய்ந்ததே, அது ஏன் என்றால், பாசியிலிருந்து கழன்று வெளியே வந்து திரிந்தவை செத்துப்போயின. மாத்திரையை நிறுத்தியதும் அடியிலிருந்து அடுத்த கூட்டம் கிளம்பியது.

நடுப்பேரன், ஈரோடு

எங்கள் அப்புச்சிக்கும் இதே பிரச்சினை. மூட்டு இல்லை, யூரின் டியூப். நாலு மாதமாகப் போட்டிருக்கிறது. எப்போது யூரின் டெஸ்ட் எடுத்தாலும் கிருமி இருக்கிறது என்றே வருகிறது. நாங்களும் ஒவ்வொரு தடவையும் மாத்திரை கொடுத்துவிடுகிறோம், இதுவரை ஐந்து தடவை. காய்ச்சல் கிடையாது. டியூப் மட்டும் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது, எடுத்துப் பார்த்தால் நுனியில் சுண்ணாம்பு மாதிரி. இன்னும் ஸ்ட்ராங்கான மருந்து எது என்று லேப்காரர் சொல்ல முடியுமா?

ஓய்வுபெற்ற சிஸ்டர்

தம்பி, மருந்தை விடுங்க, முதலில் டெஸ்ட் எடுப்பதை நிறுத்துங்க. டியூப் போட்ட நாளிலிருந்து தினமும் நூறு பேரில் மூன்றிலிருந்து ஏழு பேருக்குப் புதிதாகக் கிருமி குடியேறும். ஒரு மாதம் தாண்டினால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும். காய்ச்சல், குளிர், அடிவயிற்றில் வலி, திடீரென்று ஆள் குழம்பிப் பேசுவது, இப்படி ஏதாவது இருந்தால்தான் டெஸ்டும் மருந்தும். சும்மா கொடுத்த ஐந்து தடவையும் டியூபில் இருந்தது அப்படியேதான் இருந்திருக்கும். வயிற்றில் இருக்கும் கிருமிகள்தான் மருந்துக்குப் பழகியிருக்கும்.

அந்தச் சுண்ணாம்பு வேறு கதை. புரோட்டியஸ் என்று ஒரு கிருமி, யூரியாவை உடைத்து யூரினைக் காரத்தன்மையாக்கிவிடும். போர்த் தண்ணீர் கொதித்த பாத்திரத்தில் உப்புப் படிகிற மாதிரி டியூபுக்குள் படியும். மாற்றுவதுதான் வழி. காய்ச்சல் வந்தால்கூடப் பழைய டியூபிலிருந்து சாம்பிள் எடுக்க விடாதீங்க. அதில் வருவது டியூபில் குடியிருப்பது, சிறுநீர்ப்பையில் இருப்பது அல்ல. புதிது போட்டு, அதிலிருந்து எடுக்கச் சொல்லுங்க. அதோடு, அப்புச்சிக்கு டியூப் இன்னும் தேவையா என்றும் டாக்டரிடம் கேளுங்க. மறந்துபோய் மாதக் கணக்கில் கிடந்த டியூப்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை

டியூபை மாற்றினால் சரி, மூட்டையும் மாற்றினால் சரி. ரெண்டு ஆபரேசன், ரெண்டு பில். எனக்கென்னவோ இதில் வியாபாரம் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. முதல் ஆபரேசனில் சுத்தமாகச் செய்திருந்தால் இது வந்திருக்குமா?

பனியன் கம்பெனி, திருப்பூர்

கணக்குப்பிள்ளை, எனக்கு மூட்டை எடுக்கவே இல்லை. என் டாக்டரேதான் வேண்டாம் என்றார். ஆபரேசன் ஆகிப் பத்தொன்பதாம் நாள் தையல் பக்கத்திலிருந்து ஒழுகியது. அன்றைக்கே சேர்த்து, மறுநாள் திறந்து, லிட்டர் லிட்டராகத் தண்ணீர் விட்டுக் கழுவி, நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டை மட்டும் புதிதாக மாற்றினார்கள். உலோகம் அப்படியே இருக்கிறது. இரண்டு வாரம் ஊசி, அப்புறம் ஆறு மாதம் இரண்டு மாத்திரை. அதில் ஒன்று ரிஃபாம்பிசின். யூரின் ஆரஞ்சு நிறத்தில் போகும், வேர்வையில் பனியனே கறை ஆகும். அது டிபிக்குக் கொடுக்கிற மருந்து என்று யாரோ சொல்லிவிட, கம்பெனியில் என் பக்கத்தில் உட்காரவே பயந்தார்கள். டிபி எல்லாம் இல்லை. இப்போது மூன்று வருடம் ஆகிறது.

கோபி மருமகள்

அப்படியானால் எங்கள் அத்தைக்கும் கழுவி, அந்த மாத்திரை கொடுத்திருக்கலாமே?

லேப் பெஞ்ச், கோவை

நாள்தான் வித்தியாசம். அவருக்குப் பாசி பிடித்து சில நாள்தான் ஆகியிருந்தது, இளசு. ஆபரேசன் ஆகி ஒரு மாதத்துக்குள், அல்லது அறிகுறி தொடங்கி மூன்று வாரத்துக்குள் என்றால் கழுவிப் பார்ப்பார்கள். உங்கள் அத்தைக்கு மாதக் கணக்கு. போதாததற்குத் தோலிலிருந்து மூட்டு வரைக்கும் வழி விழுந்துவிட்டது. அந்தத் துளை இருந்தாலே வேறு டெஸ்ட் பார்க்காமல் மூட்டுக்குள் தொற்று என்று முடிவு செய்யலாம். டாக்டர் பார்த்த உடனே சொன்னது அதனால்தான்.

ரிஃபாம்பிசின் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி வகைக்குத்தான், முடங்கிக் கிடப்பதையும் ஓரளவு கொல்லும். ஆனால் தனியாகக் கொடுத்தால் சில நாளிலேயே கிருமி அதற்குப் பழகிவிடும், அதனால் எப்போதும் துணைக்கு ஒன்று. கழுவாமல், காயம் ஒழுகும்போதே ஆரம்பித்தாலும் இதே கதிதான். யாரும் மெடிக்கலில் கேட்டு வாங்கிவிடாதீர்கள்.

சுத்தம் பற்றிக் கேட்டவருக்கு: கவனக்குறைவும் நடக்கத்தான் நடக்கிறது. இந்த அம்மாவுக்கு அதுவா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. சாதாரணமாக நம் தோலில் வாழும் கிருமியே போதும். புண்ணில் லட்சக் கணக்கில் விழுந்தாலும் உடம்பு சமாளித்துவிடும். அந்நியப் பொருள் ஒன்று இருந்தால் சில நூறே போதும். ரத்தம் ஓடாத உலோகத்தின் மேல் வெள்ளையணு போய் விழுங்க முடிவதில்லை.

கோபி மருமகள்

எங்கள் கதையை முழுதும் சொல்கிறேன். முதலில் மூட்டு நீர் எடுத்தபோது 'வளர்ச்சி இல்லை' என்று வந்தது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே கொடுத்ததால் அப்படி. இரண்டு வாரம் எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார்கள். வலியோடு அந்த இரண்டு வாரம் ஓட்டியதுதான் கஷ்டம். திரும்ப எடுத்த மூட்டு நீரில் வெள்ளையணு 14,000, தொற்று இருந்தால் ரத்தத்தில் ஏறும் சிஆர்பி 38.

ஆபரேசனில் உலோகம், பிளாஸ்டிக், பழைய சிமென்ட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். ஐந்து இடத்திலிருந்து சதை எடுத்து அனுப்பினார்கள். மூன்றில் ஒரே கிருமி, ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். ஒன்றில் மட்டும் வந்திருந்தால் கைபட்டு வந்ததோ என்று சந்தேகப்படுவார்களாம். எடுத்த மூட்டை எனக்குக் காட்டினார்கள். பாசி எல்லாம் கண்ணுக்குத் தெரியவில்லை, பளபளவென்று புதிது மாதிரிதான் இருந்தது. கொழுந்தனாருக்கு அதில் இன்னும் மனக்குறை.

லேப் பெஞ்ச், கோவை

பாசி கண்ணுக்குத் தெரியாதுங்க. எங்களிடம் அந்த உலோகத்தையே அனுப்பினால், நீரில் போட்டு ஒலி அலையால் அதிரவைத்து, கழன்று விழுவதை வளர்ப்போம். சதையில் கிடைக்காத கிருமி அதில் கிடைப்பது உண்டு. எல்லா லேபிலும் இந்த வசதி இல்லை.

கோபி மருமகள்

இப்போது மூட்டு இருந்த இடத்தில் மருந்து கலந்த சிமென்ட் கட்டை வைத்திருக்கிறார்கள். அந்த இடத்திலேயே மருந்து கசிந்துகொண்டிருக்கும். ஆறு வாரம் கையில் நீளமான லைன் போட்டு வான்கோமைசின் ஏற்றினார்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வாரம் இரண்டு தடவை கிரியேட்டினின் டெஸ்ட்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்

அந்த லைனும் ஒரு டியூப்தான் கண்ணு, அதிலும் பாசி பிடிக்கும். மருந்து ஏற்றி அரை மணியில் குளிர் எடுத்தால் வீட்டில் காத்திருக்காதீங்க. ஊசி முடிந்ததும் கழட்டிவிட்டார்களா?

கோபி மருமகள்

அன்றைக்கே கழட்டிவிட்டார்கள் சிஸ்டர். சிஆர்பி 6-க்கு இறங்கியிருக்கிறது. இரண்டு வாரம் மருந்தே இல்லாமல் வைத்துப் பார்த்து, திரும்ப ஏறவில்லை என்றால் புது மூட்டு என்கிறார் டாக்டர். பழையதை எடுத்த அன்றே புதியதை வைக்கும் டாக்டர்களும் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கேட்டேன். கிருமி எது என்று முன்பே தெரிந்து, தோலும் சதையும் நன்றாக இருந்தால் சிலர் செய்வார்கள், உங்கள் அத்தைக்குத் துளை இருந்ததால் நான் துணியவில்லை என்றார். அது சரியா, ஒரே தடவையில் முடிந்திருக்குமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அப்படிச் செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அடுத்த ரத்த டெஸ்ட் வருகிற வெள்ளிக்கிழமை. அத்தை வாக்கர் பிடித்து வாசல் வரைக்கும் போய், கோழிக்குத் தவிடு போட்டுவிட்டுத் திரும்புகிறார்.