17A என்று போடலாமா, 49 லேபிளையும் மாற்ற வேண்டுமா?

வணக்கம் நண்பர்களே. பீன்யாவில் இருந்து சென்னைத் துறைமுகம் வழியாக ஹாம்பர்க்குக்கு உதிரிபாகங்கள் அனுப்புகிறோம். 48 அட்டைப்பெட்டி, 2 பேலட். பெட்டியில் இப்படி மார்க் அச்சடித்தாயிற்று:

```
RVT
PO 4471
HAMBURG
C/NO. 17/48
```

இப்போது 17ஆம் பெட்டி வாங்குபவர் சொன்ன எடை வரம்பைத் தாண்டுவதால் இரண்டாகப் பிரித்தாக வேண்டும். மொத்தம் 49 ஆகிறது. ஷிப்பிங் பில் இன்னும் போடவில்லை.

17, 17A என்று போட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கடைசிப் பெட்டியில் 48/48 என்றே இருக்கும். அங்கே எண்ணுபவர் ஒன்று கூடுதலாக வந்திருப்பதாக எழுதிவிடுவாரே? பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங்கில் உள்ள மார்க்கோடும் பொருந்தாது. எல்லாவற்றையும் /49 என்று மாற்றுவதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய லேபிளை உரிக்காமல் மேலேயே முழுதாக மறைத்து ஒட்டலாமா?

அப்புறம் பேலட் லேபிள். ஒன்றில் 1–24, மற்றதில் 25–49 என்று எழுதி, ஸ்ட்ரெச் ஃபிலிமுக்கு வெளியே ஒட்டப் போகிறோம். உள்ளே இருந்தால் பளபளப்பில் ஸ்கேனர் திணறும். அடுத்தடுத்த இரண்டு பக்கம் போதுமா, நான்கிலும் வேண்டுமா? ஜெர்மனிக்கு அனுப்பியவர்கள் சொல்லுங்கள்.