உதவி: சூத்திரச் செய்யுளில் வேற்றுமை உருபுகள் எல்லாமே தப்பாக வருகின்றன. பிரதி கெட்டதா, எனக்குத் தெரியவில்லையா?

மாலைநேர_மாணவி
வணக்கம். அவசரம், ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தில் நான்தான் படிக்க வேண்டும். ஒரு பௌத்த சூத்திரத்தில் மூன்று சொற்களில் சிக்கிக்கொண்டேன்: மஞ்ஜுஶிரீ, ப்ரமுகாந்தராது, ஊர்ணாய. மூன்றாவதை நான்காம் வேற்றுமை என்று எடுத்து "ஊர்ணத்துக்காக" என்று எழுதினேன், பொருளே வரவில்லை. இரண்டாவது எந்த வாய்பாட்டிலும் இல்லை. தட்டச்சுப் பிழை என்று திருத்திவிடலாமா?

ஏட்டுக்கட்டு
எந்த சூத்திரம்? உரைநடையா செய்யுளா? யார் பதிப்பு? "ப்ர"வில் எந்த ப? தமிழில் எழுதினால் நான்கில் எது என்று தெரியாது, எண் போட்டு எழுதுங்கள். முழு வரியும் வேண்டும்.

வியாகரணி
முதலில் ராம சப்தத்தையும் ரமா சப்தத்தையும் ஒழுங்காக மனப்பாடம் செய்துவிட்டு வாருங்கள். ஊர்ணா பெண்பால். "ஊர்ணாய" என்று ஒரு ரூபமே கிடையாது. பாணினி ஒப்பாதது பிழை, அவ்வளவுதான். பதினைந்து வருடமாக இதையே இங்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வேதவழி
பிழை என்று தள்ளக் கூடாது, ஆர்ஷப் பிரயோகம். வேதத்தில் தேவை: என்பதோடு தேவேபி⁴: என்றும் வருகிறது. பௌத்தர்களும் அந்தப் பழைய மொழியைத்தான் காப்பாற்றி வைத்தார்கள்.

கோவை_சங்கர்
எனக்கும் இதே தொல்லை. தாத்தா வைத்திருந்த கிரந்த ஏட்டில் ஶிவ ஸ்தோத்திரம் ஒன்று, பாதி இடத்தில் விசர்க்கமே இல்லை. யாராவது படித்துச் சொல்ல முடியுமா? படம் அனுப்புகிறேன்.

ஏட்டுக்கட்டு
சங்கர், அது எழுதியவர் விட்டதாக இருக்கலாம். தனி இழை போடுங்கள், பார்க்கிறேன்.

மாலைநேர_மாணவி
மன்னிக்கவும். ஸத்³த⁴ர்மபுண்ட³ரீகம், முதல் அத்தியாயம். உரைநடை சரளமாகப் போனது, செய்யுள் தொடங்கியதும் நின்றுவிட்டேன். யாரோ தட்டச்சு செய்து கொடுத்த கோப்பு, பதிப்பு பெயர் அதில் இல்லை.

கிம் காரணம் மஞ்ஜுஶிரீ இயம் ஹி
ரஶ்மி: ப்ரமுக்தா நரநாயகேந |
ப்ரபா⁴ஸயந்தீ ப்⁴ரமுகாந்தராது
ஊர்ணாய கோஶாதி³யமேகரஶ்மி: ||

ஏட்டுக்கட்டு
உரைநடை சரளம், செய்யுளில் சிக்கல் என்றீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. இதே சம்பவம் சற்று முன்னால் உரைநடையில் வந்திருக்கும், திருப்பிப் பாருங்கள்: ப்⁴ரூவிவராந்தராத்³ ஊர்ணாகோஶாத்³ ஏகா ரஶ்மி:. புருவ நடுவிலிருந்து, அங்கே இருக்கும் மயிர்ச்சுழியான ஊர்ணையின் உறையிலிருந்து, ஒரு கதிர். எல்லாம் சுத்த சமஸ்கிருதம். செய்யுளும் அதைத்தான் சொல்கிறது. ஆகவே ப்⁴ரமுகாந்தராது என்பது ஐந்தாம் வேற்றுமை, ஊர்ணாய என்பது ஆறாம் வேற்றுமை. "ஊர்ணையின் உறையிலிருந்து." நான்காம் வேற்றுமை இல்லை.

இனித் திருத்தலாமா என்ற கேள்வி. அசையை எண்ணுங்கள்: கு என்பது குரு, நெடிய அசை; ல என்பது லகு, குறுகிய அசை.

```
கிம் கா ர ணம் மஞ் ஜு ஶி ரீ இ யம் ஹி
கு  கு ல கு  கு  ல  ல  கு ல கு  -
ப்ர பா⁴ ஸ யந் தீ ப்⁴ர மு காந் த ரா து
ல   கு  ல கு  கு  ல   ல  கு  ல கு -
```

பதினோரு அசை, இந்திரவஜ்ரையும் உபேந்திரவஜ்ரையும் கலந்தது. மஞ்ஜுஶ்ரீ என்று "சரி" செய்தால் பத்து அசையாகிவிடும், ஜு குருவாகிவிடும். -ஆத் என்று திருத்தினாலும் பத்துதான். ஊர்ணாயா: என்று போட்டால் அசை எண்ணிக்கை மாறாது, ஆனால் மூன்றாவது அசை லகுவாக இருக்க வேண்டிய இடத்தில் குரு வந்து விழும். மூன்று திருத்தமும் யாப்பை உடைக்கின்றன. தட்டச்சில் தவறியது மூன்று இடத்திலும் யாப்புக்குப் பொருந்தி விழாது. கவி எழுதியதே இதுதான்.

திருகோணமலை_வாசகர்
நான் பல்கலைக்கழகத்தில பாலி படிச்சனான். எனக்கு இந்தச் சொல்லுகள் புதுசாத் தெரியேல்ல. பாலியில கஞ்ஞாய எண்டால் "கன்னியால", "கன்னிக்கு", "கன்னியின்ர" எல்லாத்துக்கும் ஒரே உருவம்தான். ஊர்ணாயவும் அதே அச்சு. ஶ்ரீ அங்க ஸிரி, புருவம் ப⁴முக. தங்கச்சி, பாலி அகராதியையும் பக்கத்தில வைச்சுக்கொண்டு வாசியுங்கோ.

வேதவழி
அப்படியானால் -ஆதுவும் வேத வடிவமாகத்தானே இருக்க வேண்டும்?

ஏட்டுக்கட்டு
இல்லை ஐயா. தேவேபி⁴: வேதத்தில் இருப்பது உண்மை. பேச்சுமொழிகள் சில பழைய வடிவங்களைத் தக்கவைத்ததும் உண்மை. ஆனால் -ஆது வேதத்தில் இல்லை. அதன் உறவு பிராகிருதத்தில்தான், சௌரசேனியில் -ஆதோ³. கீழே ஒரு பிராகிருதம், மேலே சமஸ்கிருதப் பூச்சு. அதனால்தான் அடுத்த அடியிலேயே கோஶாதி³யம் என்று ஒழுங்கான ஐந்தாம் வேற்றுமையும் நிற்கிறது. எட்ஜர்டன் 1953-இல் பௌத்தக் கலப்புச் சமஸ்கிருதம் என்ற இந்த மொழிக்கென்றே இலக்கணமும் அகராதியும் போட்டார்.

வியாகரணி
எட்ஜர்டன் சொன்னால் வேதவாக்கா? பிரௌ 1954-லேயே எச்சரித்திருக்கிறார், ஏட்டில் கண்ட ஒவ்வொரு கோணல் எழுத்தையும் இலக்கணமாக்காதே என்று. பாதி எழுத்தர் கைவேலை.

ஏட்டுக்கட்டு
அந்த எச்சரிக்கை நியாயம், நானும் ஏற்கிறேன். உரைநடையில் ஒரே ஒரு நேபாள ஏட்டில் மட்டும் விசர்க்கம் விழுந்திருந்தால் நான் அதைக் கலப்பு வடிவம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுத்தர் கை எதிர்த் திசையிலும் வேலை செய்திருக்கிறது. மத்திய ஆசிய ஏடுகளில் பிராகிருத வடிவங்கள் அதிகம், நேபாள ஏடுகளில் பல இடங்களில் அவை சமஸ்கிருதமாகத் தேய்க்கப்பட்டிருக்கின்றன. கெர்ன், நான்ஜோ பதிப்பு (1908–1912) இரண்டு வகையையும் கலந்து ஒரு பாடம் தந்தது. சில அடிகளில் நாம் படிப்பது எந்த ஏட்டிலும் அப்படியே இல்லாத கலவை.

வியாகரணி
அதைத்தான் நானும் சொல்கிறேன். கலவையை வைத்து இலக்கணம் எழுதக் கூடாது.

திருகோணமலை_வாசகர்
ஐயா, ஏட்டை எழுதினவர் தேய்க்கேக்க முதல்ல போறது ஆற்ற சொல்லு? பிராகிருதம்தானே. மிஞ்சி நிக்கிறதைப் பிழை எண்டு நாங்களும் தேய்ச்சால் என்ன மிச்சம்?

மாலைநேர_மாணவி
இரண்டாம் அத்தியாயத்தில் நானே சோதித்துப் பார்த்தேன்: ஏகம் ஹி யாநம் த்³விதியம் ந வித்³யதே. த்³விதீயம் என்று நீட்டினால் ஏழாவது அசை குருவாகி இடிக்கிறது. அடுத்த அடியில் த்ருதியம் ஹி நைவாஸ்தி கதா³சி லோகே, கதா³சித் என்றால் அங்கேயும் இடிக்கிறது. சரியா?

ஏட்டுக்கட்டு
சரி. இரண்டாம் அடி பன்னிரண்டு அசையாக நீளும், பயப்படாதீர்கள்: முதல் குருவை த்ரு, தி என்று இரண்டு லகுவாக உடைத்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள், யாப்பு எல்லாவற்றுக்கும் சாட்சி சொல்லாது. பு³த்³து⁴ என்றா பு³த்³த⁴: என்றா என்று கேட்டால் சொல்லும், லகுவும் குருவும் வேறு. பு³த்³தோ⁴வா பு³த்³த⁴:வா என்றால் இரண்டும் குரு, வாயே திறக்காது. அங்கே ஏடுகளைத்தான் ஒப்பிட வேண்டும்.

வேதவழி
மஞ்ஜுஶிரீ இயம் என்பதில் ஈ, இ சேரவில்லையே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஏட்டுக்கட்டு
சேர்த்தால் ஓர் அசை போய்விடும், அதனால் விட்டிருக்கிறார்கள். மூன்றாம் அடி முடிவில் து, ஊ சேராததும் அப்படியே. ஆனால் கவியின் வாயில் அங்கே வெறும் இடைவெளிதான் இருந்ததா, அல்லது ஶிரீர் என்று ஒரு ரகர ஒற்று இருந்து பிறகு விழுந்ததா என்பதை யாப்பை வைத்துச் சொல்ல முடியாது, இரண்டும் பொருந்துகின்றன. கில்கித் ஏட்டில் இந்த அடியை யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள்.

மாலைநேர_மாணவி
ஞாயிறு முடிந்தது. எதையும் திருத்தவில்லை, "ஊர்ணையின் உறையிலிருந்து" என்றே படித்தேன். அனைவருக்கும் நன்றி.

கோவை_சங்கர்
தனி இழை போட்டுவிட்டேன், படமும் இருக்கிறது. கில்கித் ஏட்டைப் பற்றி இங்கே யாரும் பதில் சொல்லவில்லையே, யாரிடமாவது அதன் நிழற்படத் தொகுதி இருக்கிறதா?