பில் 1,850, ஜிபேயில் வந்தது 2,000. அந்த 150 யாருக்கு? உங்க கடையில் நடந்ததைச் சொல்லுங்க

கேஷ் கவுன்டர், கோவை
சனிக்கிழமை சாயங்காலம், கூட்டம். ஒரு அம்மா கலரிங் முடிஞ்சு ஸ்கேன் பண்ணி 2,000 அனுப்பிட்டு, "மீதி ஹேர் வாஷ் பண்ணின பொண்ணுக்கும்மா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அந்தப் பொண்ணு பின்னாடி டவல் காயப்போட்டுட்டு இருந்தா. ராத்திரி கணக்கு முடிக்கும்போது நோட்டில் "கூடுதல் 150"ன்னு மட்டும் இருக்கு. யாருக்குன்னு இல்லை. திங்கட்கிழமை ஓனர் பார்த்துட்டு, அடுத்த தடவை அந்த அம்மா வரும்போது பில்லில் கழிச்சிடலாம்னுட்டார்! டிப்ஸ் பெட்டியில் விழும் காசில் பிரச்சினை இல்லை. போனில் வருவதைத்தான் கேட்கிறேன். எங்க கடையில் பெருக்கித் துடைக்கும் அக்காவுக்கு இதுவரை பங்கே இல்லை, அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

பழைய மேனேஜர்
கூடுதல்னு ஒரு பத்தி இருந்தாலே இப்படித்தான் ஆகும். அட்வான்ஸ், சில்லறை பாக்கி, டிப்ஸ் மூணும் அதிலேயே போய் விழும். டிப்ஸுக்குத் தனி நோட்டு போடுங்க. பில் நம்பர், பில் தொகை, வந்த தொகை, வித்தியாசம், எப்படி வந்தது, யாருக்குன்னு சொன்னாங்க, இந்த ஆறு போதும். கடைசியை வாடிக்கையாளர் வாசலைத் தாண்டுறதுக்குள்ள எழுதணும். ராத்திரி ஞாபகப்படுத்தி எழுதினா சத்தமா பேசுறவங்க பேர்தான் அதில் இருக்கும். யாருக்குன்னு சொல்லலைன்னா "பொது"ன்னு எழுதுங்க, காலியா விடாதீங்க.

அடுத்தது பணத்தை நகர்த்துறது. ஜிபே, கார்டு ரெண்டும் கடை அக்கவுண்டுக்குத்தான் போகும். கார்டு மெஷின் பணம் மறுநாள்தான் வரும், அதுவும் கமிஷன் கழிச்சு. அதனால் வங்கிக் கணக்கை வச்சு டிப்ஸைக் கண்டுபிடிக்க முடியாது. அன்னைக்கு ராத்திரியே கல்லாவிலிருந்து அதே தொகையை எடுத்து டிப்ஸ் பெட்டியில் போட்டுட்டு, கல்லா நோட்டில் "டிப்ஸ் பெட்டிக்கு 150, பில் நம்பர் இது"ன்னு ஒரு வரி எழுதுங்க. அப்புறம் கல்லாவில் இருக்கும் ரொக்கம் 150 குறையும், அக்கவுண்டில் 150 கூடும், மொத்த விற்பனை மாறாது. இந்த வரி இல்லைன்னா மறுநாள் காலையில் கல்லா குறையுதுன்னு உங்க தலையில்தான் விடியும்.

எண்ணும்போது ரெண்டு பேர் இருக்கணும், ஒருத்தர் அசிஸ்டென்ட் பக்கத்து ஆளா இருக்கணும். ரெண்டு கையெழுத்து.

வரி தம்பி
அக்கவுண்டுக்கு வந்துட்டா அது கடை வருமானம்தான். ஜிஎஸ்டி கட்டணும். அதனால் ஓனர் ஒரு பகுதி பிடிச்சுக்கிறது நியாயம்தான்.

பழைய மேனேஜர்
பாதி சரி தம்பி. சர்வீஸ் சார்ஜுன்னு பில்லில் ஏத்திக் கேட்டு வாங்கினா அது விலையோட சேர்ந்தது, வரி உண்டு. வாடிக்கையாளர் தானா கொடுத்து, முழுசா ஊழியர் கைக்குப் போனதுக்கு நோட்டும் கையெழுத்தும் இருந்தா கடை வெறும் கைமாத்தி விட்ட இடம்தான். எழுத்து இல்லைன்னா பில்லுக்கு மேல வந்த காசை எதுன்னு காட்டுவீங்க? வரிக்குப் பயந்து பிடிக்கிறதைவிட, எழுதி வைக்கிறது சுலபம்.

ஷிப்ட் கணக்கு
பங்கு பிரிக்கிறதுக்கு வர்றேன். தலைக்குச் சமமாப் பிரிச்சா ஸ்டைலிஸ்டுகள் கொஞ்ச நாளில் பெட்டியைத் தவிர்த்து நேரா கையில் வாங்க ஆரம்பிச்சிடுவாங்க. பதவிக்கு மட்டும் பிரிச்சா அரை நாள் வந்தவங்களுக்கும் முழுப் பங்கு போகும். அதனால் புள்ளியை வேலை நேரத்தால் பெருக்கணும்.

ஒரு சனிக்கிழமை கணக்கு, பொதுப் பெட்டியில் 2,400 ரூபாய். ஸ்டைலிஸ்டுக்கு மணிக்கு 3 புள்ளி, அசிஸ்டென்டுக்கு 2, துப்புரவு அக்காவுக்கு 1. ரெண்டு ஸ்டைலிஸ்டும் பத்து மணி நேரம், ஆளுக்கு 30. ஒரு அசிஸ்டென்ட் பத்து மணி, 20. இன்னொருத்தர் ஆறு மணி, 12. அக்கா எட்டு மணி, 8. மொத்தம் 100 புள்ளி, ஒரு புள்ளி 24 ரூபாய். ஸ்டைலிஸ்டுக்கு 720, அசிஸ்டென்டுகளுக்கு 480ம் 288ம், அக்காவுக்கு 192.

அக்காவுக்கு 2 புள்ளி வச்சுப் பாருங்க. மொத்தம் 108, ஒரு புள்ளி சுமார் 22 ரூபாய் 22 காசு. ஸ்டைலிஸ்டுக்கு ஆளுக்கு 53 ரூபாய்தான் குறையும், அக்காவுக்கு 356 வரும். சண்டை எப்பவும் இந்த 53 ரூபாய்க்குத்தான். புள்ளியை மாசத் தொடக்கத்தில் எழுதி ஒட்டிடுங்க. பெட்டியைத் திறந்து தொகையைப் பார்த்தப்புறம் மாத்தினா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.

கலர் ஸ்பெஷலிஸ்ட்
53 ரூபாய்தானான்னு ஈஸியா சொல்லிட்டீங்க. என் பேர் சொல்லி, நாலு மணி நேரம் நின்னு பண்ணின பலயாஜுக்குக் கொடுத்த 500 ஏன் பெட்டிக்குப் போகணும்?

ஷிப்ட் கணக்கு
பேர் சொன்னது பெட்டிக்குப் போக வேண்டாம். நான் சொன்னது "பொது"ன்னு எழுதினதுக்கு மட்டும். ஆனா அந்த நாலு மணி நேரத்தில் ஃபாயில் எடுத்துக் கொடுத்தது, டோனர் கலக்கினது, அலசிவிட்டது யாருன்னும் பாருங்க. பேர் சொன்ன டிப்ஸில் 70 சதவீதம் அவங்களுக்கு, 30 கூட நின்ன அசிஸ்டென்டுக்குன்னு வைக்கிற கடைகள் இருக்கு. முதல் போஸ்டில் வந்த 150 மாதிரி அசிஸ்டென்ட் பேரே சொன்னா முழுசும் அவங்களுக்குத்தான், ஸ்டைலிஸ்டுக்கு 30 கிடையாது.

கலர் ஸ்பெஷலிஸ்ட்
அது மட்டும் ஒருவழிப் பாதையா? சரி, நடத்துங்க.

ஹாரோ அக்கா
லண்டன்ல பார்லர் வச்சிருக்கேன். இங்க 2024 அக்டோபர் 1லிருந்து சட்டமே இருக்கு. டிப்ஸில் ஓனர் ஒரு பைசா எடுக்கக்கூடாது, கார்டு கமிஷன்கூடக் கழிக்கக்கூடாது. அடுத்த மாசக் கடைசிக்குள்ள கொடுத்திடணும். எப்படிப் பிரிக்கிறோம்னு எழுதி வைக்கணும், கணக்கை மூணு வருஷம் வச்சிருக்கணும். ஆனா நாற்காலி வாடகைக்கு எடுத்து வேலை செய்றவங்க இதில் வரமாட்டாங்க. எனக்கு அதில்தான் தலைவலி. ரெண்டு பேர் வாடகை நாற்காலி, அவங்களுக்கும் என் அசிஸ்டென்ட்தான் தலை அலசுறா, டிப்ஸ் மட்டும் அவங்க பாக்கெட்டுக்கு. வாடகை ஒப்பந்தத்தில் அசிஸ்டென்டுக்கு இவ்வளவுன்னு சேர்க்கலாமான்னு யோசிக்கிறேன். யாராவது பண்ணியிருக்கீங்களா?

டெக் அண்ணன்
இவ்வளவு நோட்டு எதுக்கு? ஆளுக்கு ஒரு கியூஆர் அடிச்சு கண்ணாடியில் ஒட்டிடுங்க. நேரா அவங்கவங்க அக்கவுண்டுக்கு. எந்தக் கணக்கும் வேண்டாம். அட்டையை லேமினேட் பண்ணுங்க, ஸ்ப்ரே பட்டா கறையாகும். A6 அளவு போதும். பேரைப் பெருசா போடுங்க, வெளிச்சம் எதிரடிக்காத மாதிரி கொஞ்சம் சாய்ச்சு வையுங்க. மேட் ஷீட்டுன்னா இன்னும் நல்லது. போட்டோ போட்டா இன்னும் நல்லா வரும்.

பழைய மேனேஜர்
அண்ணா, கண்ணாடி யார் முன்னாடி இருக்கு? ஸ்டைலிஸ்ட் முன்னாடி. வாஷ் பேசினில் படுத்திருக்கிறவங்க எதை ஸ்கேன் பண்ணுவாங்க? துப்புரவு அக்காவை வாடிக்கையாளர் பார்க்கிறதே இல்லை. கணக்கு வேண்டாம்னா பங்கும் வேண்டாம்னுதான் அர்த்தம்.

கேஷ் கவுன்டர், கோவை
நோட்டு போட்டாச்சு. அந்த 150ஐ கல்லாவிலிருந்து எடுத்து அந்தப் பொண்ணு கையில் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கியாச்சு. ஓனர் ஒத்துக்கிட்டார். ஆனா துப்புரவு அக்கா ஏஜென்சி மூலமா வர்றவங்க, நம்ம ஆள் இல்லைன்னு பங்கு கொடுக்க மாட்டேங்கிறார். ஹாரோ அக்கா, உங்க ஊரில் ஏஜென்சி ஆளுக்கு உண்டா?

ஹாரோ அக்கா
உண்டு. ஏஜென்சி மூலமா வந்தாலும் எங்க கடையில் வேலை பார்த்தா பங்கு இருக்கு. உங்க ஊர் ஓனர்கிட்ட இங்கிலாந்து சட்டத்தைச் சொன்னா சிரிப்பார்.

கலர் ஸ்பெஷலிஸ்ட்
ஏஜென்சி அக்காவுக்கு என் 53 ரூபாயிலிருந்தே கொடுங்க, அதுக்கு நான் சண்டை போடலை. ஓனர் பக்கத்திலிருந்து என்ன வருதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.