புகார் ஸ்லைடுக்கு வட்டமா, பிரமிடா, நாலு கட்டமா?

நித்திலா_சப்போர்ட்
எங்கள் சப்போர்ட் டீம் வேலையை ஒரே ஸ்லைடில் காட்ட வேண்டும். ஐந்து வரிதான்: புகாரைப் பதிவு செய்தல், வகை பிரித்தல், சரி செய்தல், மூல காரணம் தேடுதல், மறுபடி வராமல் தடுத்தல். நான் வட்டமாகப் போட்டேன். மேனேஜர் பிரமிடுதான் வேண்டும் என்கிறார். பக்கத்து சீட்டுக்காரர் நாலு கட்ட மேட்ரிக்ஸ் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும் என்கிறார். எதைப் போடட்டும்?

சும்மா_சொல்றேன்
வட்டம்தான், சந்தேகமே வேண்டாம். திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்று பி.டி.சி.ஏ. வட்டம் பார்த்திருப்பீர்கள். இதுவும் அதே மாதிரிதான். வேலை ஓயாமல் நடக்கிறது என்று பார்த்ததுமே புரிந்துவிடும்.

கோட்டுச்சித்திரம்
பி.டி.சி.ஏ. வட்டமாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. "திருத்து" என்ற கட்டத்தில் தெரிந்துகொண்டது அடுத்த "திட்டமிடு"வுக்குள் போகிறது. அந்த நாலாவது அம்பு ஒரு பொருளைச் சுமந்துகொண்டு போகிறது.

நித்திலா, உங்கள் வட்டத்தில் "தடுத்தல்" பெட்டியிலிருந்து "பதிவு" பெட்டிக்கு ஒரு அம்பு போகும் இல்லையா? அந்த ஒரு அம்புக்கு மட்டும் ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். "நாங்கள் தடுத்ததால் அடுத்த புகார் பதிவாகிறது" என்றுதான் வரும். அடுத்த புகார் வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது, உங்கள் தடுப்பு வேலையிலிருந்து வரவில்லை. அம்பு வெறுங்கையோடு போகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. உங்கள் வட்டத்தைப் பார்க்கிறவர், ஒரே புகார் சுற்றிச் சுற்றி வருகிறது என்று படிப்பார். தடுக்கிறோம் என்று சொல்ல வந்த ஸ்லைடு, தடுக்க முடியவில்லை என்று சொல்லிவிடும்.

சும்மா_சொல்றேன்
ஒரு ஸ்லைடை யாரும் இருபது நொடிக்கு மேல் பார்ப்பதில்லை சார். அம்பு எதைச் சுமக்கிறது என்று யார் சோதனை போடப் போகிறார்கள்?

கோட்டுச்சித்திரம்
இருபது நொடிதான் என்பதால்தான் வடிவம் முக்கியம் என்கிறேன். அந்த நேரத்தில் எழுத்தை யாரும் முழுசாகப் படிப்பதில்லை, வடிவத்தைத்தான் படிக்கிறார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர் "அப்போ இது ஏன் திரும்பத் திரும்ப வருது?" என்று கேட்டால், அவர் உங்கள் படத்தைச் சரியாகப் படித்திருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

அணிவகுப்பு
மேட்ரிக்ஸ் என்றால் எக்செலில் `MMULT` போட்டு `Ctrl+Shift+Enter` அழுத்த வேண்டும். புது வெர்ஷன் என்றால் வெறும் `Enter` போதும். வரிசை, நிரல் எண்ணிக்கை பொருந்தாவிட்டால் `#VALUE!` வரும், கவனம்.

நித்திலா_சப்போர்ட்
அது வேற மேட்ரிக்ஸ் அண்ணா 🙂

பயிற்சிக்கூடம்
நாலு கட்டத்தால் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு பயிற்சி வகுப்புக்கு ஐந்து விஷயம் தட்டி, பவர்பாயின்ட் ஸ்மார்ட்ஆர்ட்டில் `Basic Matrix` தேர்ந்தெடுத்தேன். ஐந்தாவது காணோம்! அந்த வடிவம் முதல் நான்கு வரியைத்தான் காட்டும். பக்கத்து எழுத்துப் பெட்டியில் ஐந்தாவது வரிக்கு முன்னால் ஒரு சிவப்பு பெருக்கல் குறி இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. திரையில் போட்டு "ஐந்து விஷயம்" என்று ஆரம்பித்துவிட்டு நாலோடு நின்றேன்.

அதற்கப்புறம் கட்டம் பக்கமே போவதில்லை. நித்திலாவுக்கும் ஐந்து வரி இருப்பதால் மேட்ரிக்ஸ் ஆகாது. கணக்கு சரியா?

கோட்டுச்சித்திரம்
முடிவு சரி, காரணம் வேறு. நாலு வரியே இருந்தாலும் அது மேட்ரிக்ஸ் ஆகாது. இரண்டு கட்டங்களை இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். படம் சொல்வது கொஞ்சமும் மாறவில்லை என்றால் அது நாலு பெட்டி, அவ்வளவுதான். மேட்ரிக்ஸில் ஒவ்வொரு கட்டமும் இரண்டு கேள்விக்கான பதில். அவசரமா இல்லையா, முக்கியமா இல்லையா என்று பிரிக்கும் பிரபலமான கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "அவசரம் இல்லை, ஆனால் முக்கியம்" என்பதை வேறு மூலைக்கு நகர்த்தினால் படம் பொய்யாகிவிடும். ஓரத்தில் என்ன கேள்வி எழுதுவது என்று தெரியாமல் ஒருவர் மேட்ரிக்ஸ் போடுகிறார் என்றால், அவரிடம் ஒரு பட்டியல்தான் இருக்கிறது.

நித்திலாவின் ஐந்தும் படிகள். படிகளிடம் இரண்டு கேள்வி கேட்க முடியாது. ஆனால் புகார்களிடம் கேட்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

மேசைக்கு_அந்தப்பக்கம்
மேனேஜரை எல்லோரும் விட்டுவிட்டீர்களே. நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன், அவர் பக்கம் பேசுகிறேன். எல்லாப் புகாரும் பதிவாகும். அதில் கொஞ்சம் குறைவாகத்தான் தீரும். மூல காரணம் வரை போவது விரல்விட்டு எண்ணுகிற அளவு. கீழே அகலம், மேலே குறுகல். பிரமிடு இதைத்தானே காட்டுகிறது?

கோட்டுச்சித்திரம்
நல்ல வாதம், இதை நான் யோசிக்கவில்லை. நித்திலா, மாதக் கணக்கு ஏதாவது இருக்கிறதா?

நித்திலா_சப்போர்ட்
போன மாதம் பதிவு 200, வகை பிரித்தது 200, சரி செய்தது 170, மூல காரணம் தேடியது 12, தடுப்பு வேலை முடிந்தது 3.

கோட்டுச்சித்திரம்
இப்போது வடிவத்தின் கணக்கைப் பாருங்கள். ஒரே உயரத்தில் ஐந்து அடுக்காக வெட்டிய முக்கோணத்தில் பரப்புகள் மேலிருந்து கீழே 1, 3, 5, 7, 9 என்று வரும். மொத்தம் 25. அடித்தட்டு 36 சதவீதம், உச்சி 4 சதவீதம். அதாவது கீழ் அடுக்கு உச்சியைப்போல 9 மடங்கு. உங்கள் கணக்கிலோ 200-க்கு 3, கிட்டத்தட்ட 67 மடங்கு.

அதைவிடப் பெரிய பிரச்சினை நடுவில் இருக்கிறது. முதல் இரண்டு படியும் ஒரே 200, ஆனால் பிரமிடில் இரண்டாவது படி குறுகிவிடும். அப்புறம் 170-லிருந்து 12-க்குப் படுபாதாளமாக விழுகிறது, பிரமிடோ ஒரே சீரான சரிவைக் காட்டும். உங்கள் டீமைப் பற்றிச் சொல்ல வேண்டிய ஒரே செய்தி அந்த வீழ்ச்சிதான், அதைத்தான் இந்த வடிவம் மறைக்கிறது. எண்ணிக்கைதான் செய்தி என்றால் ஐந்து பட்டைகளைக் கிடைமட்டமாகப் போடுங்கள், அது பொய் சொல்லாது.

மேசைக்கு_அந்தப்பக்கம்
பிரமிடைப் பார்த்து யார் பரப்பளவு கணக்குப் போடுகிறார்கள்? அது ஒரு குறியீடு. கீழே அடிப்படை, மேலே இலக்கு. "தடுத்தல்" உச்சியில் இருந்தால் அதுதான் நாங்கள் ஏற நினைக்கிற இடம் என்று புரியும்.

கோட்டுச்சித்திரம்
பார்த்தீர்களா, முதலில் எண்ணிக்கை என்றீர்கள், இப்போது அடிப்படையும் இலக்கும் என்கிறீர்கள். ஒரே படத்தைப் பத்து பேர் பார்த்தால் இரண்டு கூட்டமாகப் பிரிவார்கள். மூன்றாவது கூட்டம், கீழே இருப்பது சாதாரண ஆட்களின் வேலை, மேலே இருப்பது பெரிய ஆட்களின் வேலை என்று படிக்கும். பதிவு செய்யும் ஆட்கள் அறையில் இருந்தால் அது வேறு வம்பு.

அடிப்படை என்றே வைத்துக்கொள்வோம். கீழ் அடுக்கை உருவினால் மேல் அடுக்கு விழ வேண்டும். சரி செய்தல் இல்லாமல் மூல காரணம் தேட முடியாதா? முடியும், தீராத 30 புகாரில்தான் அதிகம் தேட வேண்டியிருக்கும். உங்கள் மூன்றாவது அடுக்கு நாலாவதைத் தாங்கவில்லை.

பிரமிடு தன் பாட்டுக்கு விதி போட்டுவிடும். மாஸ்லோ 1943-இல் தேவைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் முக்கோணமே கிடையாது, பிற்பாடு மற்றவர்கள் வரைந்தது. ஒரு தேவை நூறு சதவீதம் நிறைவேறிய பிறகுதான் அடுத்தது தலைகாட்டும் என்று நினைக்கக் கூடாது என்று அவரே அதில் சொல்லியிருக்கிறார். முக்கோணத்தைப் பார்த்து வளர்ந்தவர்களோ, கீழ்த் தட்டை முடித்தால்தான் மேல் தட்டு என்றே சொல்வார்கள்.

பயிற்சிக்கூடம்
உச்சியில் எழுத்தும் அடங்காது. "மறுபடி வராமல் தடுத்தல்" என்று அந்த மூக்கு முனையில் எழுதிப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்.

நித்திலா_சப்போர்ட்
சரி, வட்டமும் இல்லை, பிரமிடும் இல்லை, கட்டமும் இல்லை. வெறும் நேர்க்கோடா? மேனேஜர் சிரிப்பார்.

கோட்டுச்சித்திரம்
முதலில் இதைச் சொல்லுங்கள். மூல காரணம் கண்டுபிடித்த பிறகு உங்கள் வேலையில் உண்மையில் என்ன மாறுகிறது?

நித்திலா_சப்போர்ட்
வகைப் பட்டியல் மாறும். முன்பு எல்லாவற்றையும் "லாகின் ஆகவில்லை" என்று போடுவோம். கடவுச்சொல் மாற்றும் மெயில் தாமதமாகப் போகிறது என்று கண்டுபிடித்த பிறகு அதைத் தனி வகையாக்கினோம். இப்போது அந்த வகை வந்தால் நேராக மெயில் பார்க்கும் ஆளிடம் போய்விடும்.

கோட்டுச்சித்திரம்
அதுதான் உங்கள் திரும்பு அம்பு. நாலாவது பெட்டியிலிருந்து கிளம்பி இரண்டாவதுக்கு வருகிறது, முதலாவதுக்கு இல்லை. அதன் மேல் "புது வகை" என்று எழுதலாம், வெறுங்கையோடு போகவில்லை. ஐந்து பெட்டி இடமிருந்து வலம், ஒரு வளைந்த அம்பு பின்னால், ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே அந்த மாத எண். ஸ்மார்ட்ஆர்ட் வட்டத்தில் இந்த அம்பு வராது, அது எல்லாப் பெட்டியையும் ஒரே வளையத்தில்தான் கோர்க்கும். சாதாரண செவ்வகமும் இணைப்புக் கோடும் போட்டுக் கையால் வரையுங்கள், பத்து நிமிட வேலை.

மேட்ரிக்ஸ் அடுத்த ஸ்லைடு. எந்த 12 புகாரை மூல காரணம் தேட எடுத்தோம் என்று யாராவது கேட்பார்கள். எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று ஒரு ஓரம், வந்தால் எவ்வளவு நேரம் வேலை நிற்கிறது என்று இன்னொரு ஓரம். உங்கள் புகார் வகைகளை அதில் வையுங்கள். ஒரு எச்சரிக்கை: எல்லாமே ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சாய்வாக விழுந்தால் இரண்டு கேள்வியும் ஒன்றுதான். அப்போது மேட்ரிக்ஸ் வேண்டாம், வரிசைப் பட்டியல் போதும்.

நித்திலா_சப்போர்ட்
வைத்துப் பார்த்தேன். மொத்தம் 20 வகை. அடிக்கடி வந்து லேசாகப் போவது 9. எப்போதாவது வந்து நாள் முழுக்க நிறுத்துவது 4. இரண்டும் சேர்ந்தது 2. எதுவுமில்லாதது 5. சாய்வாக விழவில்லை. ஆனால் நாங்கள் காரணம் தேடியது முக்கால்வாசி அந்த 9-இல்தான். இதை ஸ்லைடில் போட்டால் எனக்கே வினை!

மேசைக்கு_அந்தப்பக்கம்
போடுங்கள். அந்த மேனேஜர் கேட்க வேண்டிய ஸ்லைடு இதுதான்.

சும்மா_சொல்றேன்
அந்த வளைந்த அம்பு வருடத்துக்கு எத்தனை முறை நடக்கும்?

நித்திலா_சப்போர்ட்
புது வகை சேர்வது மூன்று மாதத்துக்கு ஒன்று இருக்கும்.

சும்மா_சொல்றேன்
மாதம் 200 புகார் ஓடுகிற கோட்டுக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓடுகிற அம்புக்கும் ஒரே தடிமன்! இதுவும் பொய்தானே?

கோட்டுச்சித்திரம்
புள்ளிக்கோடாகப் போடலாம்.

பயிற்சிக்கூடம்
புள்ளிக்கோடு போட்டால் "இன்னும் நடக்கவில்லை, திட்டத்தில் இருக்கிறது" என்று எங்கள் வகுப்பில் எல்லோரும் படிப்பார்கள்.

கோட்டுச்சித்திரம்
மெல்லிய கோடு, மேலே "காலாண்டுக்கு ஒன்று" என்று எழுத்து. ஆனால் நீங்கள் சொன்னதும் நிஜம், யோசிக்க வேண்டும்.

நித்திலா_சப்போர்ட்
மேனேஜரிடம் காட்டிவிட்டு வந்தேன். இரண்டாவது ஸ்லைடை ஐந்து நிமிடம் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. முதல் ஸ்லைடில் "இந்தப் பெட்டிகளை முக்கோணத்துக்குள்ளே வைக்க முடியாதா?" என்றார்.