ஹீமோகுளோபின் மீட்டர்: கோடுகளுக்குள் இருந்தும் தவறா?

வணக்கம். குடியாத்தம் பக்கம் ஒரு மருத்துவமனையில் லேப் பார்க்கிறேன். விரல் நுனி ரத்தத்தில் ஹீமோகுளோபின் காட்டும் புது மீட்டரை, 60 கர்ப்பிணிகளிடம் எங்கள் லேப் அளவோடு ஒப்பிட்டோம். பிளான்ட்-ஆல்ட்மன் படம் போட்டேன். மீட்டர் சராசரியாக 0.3 கிராம் கூடுதலாகக் காட்டுகிறது. வித்தியாசங்களின் திட்டவிலக்கம் 0.7. அதை 1.96-ஆல் பெருக்கி, 0.3-உடன் கூட்டியும் கழித்தும் பார்த்தால் எல்லைகள் -1.07 முதல் +1.67 வரை.

ஆனால் புள்ளிகள் சரிந்து கிடக்கின்றன. 11 கிராமுக்கு மேல் வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டியும், 8-க்குக் கீழே ஒன்பது பேருக்கும் ஒரு கிராம் அளவிலும் இருக்கிறது. ஒரு அம்மாவுக்கு மீட்டர் 7.6, லேப் 6.5. வித்தியாசம் 1.1, எல்லைக்குள்தான். ஆனால் 7-க்குக் கீழே என்றால் கடும் ரத்தசோகை; மீட்டரை நம்பியிருந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்போம். இதுதான் உறுத்துகிறது.

லாக் எடுத்துப் பார்த்தும் சரிவு போகவில்லை. வித்தியாசத்தைச் சராசரியின் மேல் ரிக்ரெஷன் செய்து சாய்வான எல்லைகள் போடலாமா? கீழ்ப்பக்கம் ஒன்பது பேர்தான், அது போதுமா? அல்லது 8-க்குக் கீழே இன்னும் ஆட்களைச் சேர்த்த பிறகுதான் எல்லை சொல்ல வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.