ஒரு வாரமா நெட் போய்ப் போய் வருது: நான் எழுதின கடிதம்

தங்கச்சிமடத்தான்
வீட்டிலிருந்து ஆடிட்டர் ஆபீசுக்குக் கணக்கு ஏத்துற வேலை எனக்கு. போன வாரம் முழுக்க ஃபைபர் லைன் போறதும் வர்றதுமா இருந்துச்சு. அஞ்சு தடவை புகார் சொன்னேன். அவங்க அங்கிருந்து பார்க்கிறதுக்குள்ள லைன் வந்துரும், உடனே "புகார் தீர்க்கப்பட்டது"ன்னு மெசேஜும் வந்துரும். ஆளு ரெண்டு தடவை வந்தாரு, ரெண்டும் காலை பத்து மணிக்கு. பச்சை லைட்டைப் பார்த்துட்டு "நல்லாத்தானே இருக்கு சார்"னு கிளம்பிட்டாரு.

அப்புறம்தான் மகளோட நோட்டுல ஒவ்வொரு தடவையும் நேரம் குறிச்சேன். குறிச்ச பிறகு எழுதின கடிதம் இது:

> வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,
>
> திங்கள் முதல் ஞாயிறு வரை என் இணைப்பு 11 முறை துண்டிக்கப்பட்டது. அவற்றில் 10 முறை பிற்பகல் 1 மணிக்கும் 6 மணிக்கும் இடையில், கச்சான் காற்று பலமாக வீசும் நேரத்தில். ஒவ்வொரு முறையும் மோடத்தில், ஃபைபரில் ஒளி வரவில்லை என்று காட்டும் LOS விளக்கு சிவப்பாக மின்னியது. வீட்டில் மின்சாரம் இருந்தது. அதே கம்பத்துப் பெட்டியிலிருந்து இணைப்பு பெற்ற பக்கத்து வீட்டில் இணையம் தடைபடவில்லை.
>
> மோடத்துக்கு வந்து சேரும் ஒளியின் வலுவைக் காட்டும் Rx Power அளவு காலையில் -20.9 dBm. செவ்வாய் பிற்பகல் 3 மணிக்கு, துண்டிக்கப்படுவதற்குச் சற்று முன், -28.6 dBm. இரண்டின் படங்களும் இணைத்துள்ளேன்.
>
> ஐந்து புகார் எண்களையும் கீழே தந்துள்ளேன். அனைத்தும் ஒரே பழுதைப் பற்றியவை, தனித்தனியாக முடிக்க வேண்டாம். தொழில்நுட்பப் பணியாளரைப் பிற்பகல் 2 மணிக்கு மேல் அனுப்பும்படியும், பெட்டி முதல் வீடு வரையுள்ள வயரைச் சோதிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். தடைபட்ட நாட்களுக்குரிய கட்டணத்தைக் கழிக்கவும் வேண்டுகிறேன்.

மண்டபம் பழைய கேபிள்காரர்
தம்பி, பக்கத்து வீட்டைப் பத்தி எழுதினது நல்ல காரியம். எக்ஸ்சேஞ்சுல கோளாறுன்னா தெருவுக்கே சிவப்பு எரியும். உங்களுக்கு மட்டும்னா பெட்டியிலிருந்து உங்க வீட்டுக்குள்ளதான் சங்கதி. மைனஸ் 27-க்குக் கீழ போனா பெரும்பாலான மோடம் தள்ளாடும். வயர் எங்கேயாவது மடங்கினா வெளிச்சம் கசிஞ்சிரும், நிமிர்ந்தா திரும்ப வந்துரும். அதான் காலையில வர்றவன் கண்ணுல படமாட்டேங்குது. ஒண்ணு விட்டுட்டீங்க: வர்றவரை பவர் மீட்டர் கொண்டுவரச் சொல்லி, பெட்டியில ஒரு அளவும் வீட்டுல ஒரு அளவும் எடுக்கச் சொல்லுங்க. பெட்டியில நல்லா இருந்து வீட்டுல குறைஞ்சா வயரு, இல்லேன்னா முனையில மாட்டுற கனெக்டரு.

தேவிபட்டினம் வாசி
இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? கடற்கரை ஊரு, உப்புக்காத்து. ஃபைபர் துருப்பிடிச்சிருக்கும், மாத்தச் சொல்லுங்க.

மண்டபம் பழைய கேபிள்காரர்
கண்ணாடி எங்கேயா துருப்பிடிக்கும்! ஆனா நீங்க சொல்றதுல பாதி நிஜம். வயரைத் தாங்குற இரும்புக் கம்பி ஒண்ணு கூடவே ஓடுது பாருங்க, அது துருப்பிடிச்சு அறும். அறுந்தா இழுவை முழுக்க ஃபைபர் மேல விழும். பாம்பன் பக்கம் இதை நிறையப் பார்த்திருக்கேன்.

தொண்டி மீனவன்
எங்களுக்கும் இதே தொல்லைதான். போட்டு கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனாலே போன்ல நெட் நின்னுருது. நாங்க யாருக்குக் கடிதம் எழுதுறது?

தங்கச்சிமடத்தான்
அண்ணே, அது டவர் எட்டாத சங்கதி. நான் சொல்றது வீட்டுக்கு வர்ற வயரு.

கீழக்கரை உம்மா
எனக்குப் போன வருஷம் இதேதான், கடிதம் போட்டும் எட்டு நாள் பதில் இல்லை. பக்கத்து வீட்டுக் காக்காதான் சொன்னாங்க, 2012 டிராய் விதிப்படி ஒவ்வொரு கம்பெனியும் மேல்முறையீட்டு அதிகாரி வைக்கணும், அங்க போறதுக்குக் காசு கிடையாதுன்னு. ஆனா முதல்ல கொடுத்த புகார் எண் கையில வேணும். அது இல்லாம என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்க. தம்பி அஞ்சு எண்ணையும் எழுதி வச்சது புத்தி. கடைசியா மேல்முறையீட்டுல ஆள் வந்தாங்க. பில்லுல கழிச்சாங்களான்னா, இன்னைக்கு வரைக்கும் இல்லை.

தங்கச்சிமடத்தான்
கடிதம் போட்ட மூணாம் நாள் ஆள் வந்தாரு, சரியா மூணு மணிக்கு, மீட்டரோட. பெட்டியில -19.8. வீட்டுல -27-க்கும் -22-க்கும் ஆடிக்கிட்டே இருந்துச்சு. அண்ணாந்து பார்த்தா வயரு எங்க வடலிப்பனை மட்டையில உரசிக்கிட்டுக் கிடக்கு. காத்தடிக்கும்போதெல்லாம் கருக்கு ரம்பம் மாதிரி அறுத்து, மேல்தோல் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிஞ்சிருக்கு. வேற வழியா நாற்பது மீட்டர் புது வயர் இழுத்தாரு. இப்ப நல்ல காத்துலயும் -20.5.

மட்டையை வெட்டினது நான்தான், அவரு பனையேற மாட்டேன்னுட்டாரு. பில் பத்தி இன்னும் பதில் இல்லை. அப்புறம் வியாழக்கிழமை விடியக்காலை நாலு மணிக்கு ஒரு தடவை போச்சே, அந்த 11-வது, அன்னைக்குக் காத்தே இல்லை. அது ஏன்னு கேட்டதுக்கு அவரும் தலையைத்தான் சொறிஞ்சாரு. நோட்டை இன்னும் மோடத்துக்கிட்டயே வச்சிருக்கேன்.