புதுப்பிப்பு: வரைவும் வாய்மொழிக் கேள்வியும்

முன்பு இங்கே நான் கேட்டது: "ஏஐ கண்டறியும் மென்பொருளை நம்பாமல் கட்டுரைப் பணியை எப்படி அமைப்பது?"

நான் செய்து பார்த்தது இது: மாணவர்கள் கட்டுரையின் மையக் கருத்தையும் இரண்டு சான்றுகளையும் வகுப்பிலேயே கையால் எழுத 25 நிமிடம். தாள் என்னிடமே இருக்கும். பிறகு வீட்டில் வரைவு, திருத்திய வடிவம். கடைசியில் ஆளுக்கு 5 நிமிடம் பேச்சு.

அப்போது "வாய்மொழித் தேர்வு வைத்தால் போதும்" என்று ஒருவர் பதில் சொன்னது பாதி சரி. "எதைப் பற்றி எழுதினாய்?" என்று கேட்டால் மனப்பாடம்தான் வரும். வரைவுகளை ஒப்பிட்டுக் கேட்கச் சொன்ன மூத்த ஆசிரியரின் யோசனைதான் கைகொடுத்தது.

ஒரு மாணவியின் கட்டுரையை ஏஐ எழுதியது என்றது மென்பொருள். முதல் வரைவில் இருந்த எதிர்வாதத்தை ஏன் நீக்கினாய் என்று கேட்டேன். அதன் சான்று ரொம்பப் பழையது என்றாள் சட்டென்று. கைத்தாளிலும் அந்தச் சான்றின் பக்கத்தில் அவளே போட்ட கேள்விக்குறி. இன்னொருவனை மென்பொருள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தன் இரண்டாம் பத்தியையே அவனால் விளக்க முடியவில்லை.

பேசத் தயங்குபவர்கள் அதே கேள்விக்கு என் முன்னால் எழுதித் தரலாம்.

60 பேர் வகுப்பென்றால் பேச்சுக்கே 5 மணி நேரம். குலுக்கலில் சிலரை மட்டும் கூப்பிடலாமா? எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.